ஐந்தாம் ஆண்டின் 22 இலட்சம் இன்று எவ்வளவு?

கேள்வி: கந்தப்பளையில் குடைமிளகாய் பயிரிட இரண்டு பொலித்தீன் கூடாரங்கள் அமைக்கப் போகிறேன். இதுதான் என் முதல் தொழில். முதலீடு 40 இலட்சம் ரூபா. அதில் 15 இலட்சம் நிலையான வைப்பில் 9 சதவீத வட்டிக்கு இருக்கும் என் சேமிப்பு, 25 இலட்சம் 14 சதவீத வட்டிக்கு வங்கிக் கடன். கணக்காளர் தந்த அட்டவணைப்படி, கடன் தவணை கழிக்கும் முன், ஐந்து ஆண்டுகளில் கையில் மிஞ்சும் பணம் முறையே 4, 10, 8, 18, 22 இலட்சம். விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று வைத்திருக்கிறார். மொத்தம் 62 இலட்சம். 22 இலட்சம் இலாபம். ஆனால் வங்கியில் வேலை செய்யும் என் மாமா, 14 சதவீதம் கழித்துப் பார்த்தால் இது நட்டம் என்கிறார். எப்படி?

பதில்: உங்கள் மாமா சொல்வது சரி. ஆனால் நட்டம் சிறியது, சுமார் 1.3 இலட்சம் ரூபா. கொடுக்கல் வாங்கலின் காலத்தைச் சற்று மாற்றினாலே அது மறைந்துவிடக்கூடும். ஆகவே திட்டத்தைக் கைவிடவோ கண்ணை மூடிக்கொண்டு தொடங்கவோ முன்னர், அந்த 1.3 இலட்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள்.

சீட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது புதிய விடயம் அல்ல. எங்கள் லயத்தில் பன்னிரண்டு பேர் மாதம் 5,000 ரூபா போட்டு 60,000 ரூபாச் சீட்டு நடத்தியபோது, முதல் சீட்டு யாருக்கு என்பதில்தான் எப்போதும் இழுபறி இருந்தது. எல்லோரும் கட்டுவது ஒரே தொகை, எல்லோருக்கும் கிடைப்பதும் ஒரே தொகை. ஆனாலும் கடைசிச் சீட்டைத் தானாக முன்வந்து கேட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. முதல் மாதத்தில் 60,000 ரூபாவை வாங்கியவர் அதை 9 சதவீத வட்டிக்குப் போட்டுவைத்தாலே, கடைசி ஆளின் முறை வரும் பதினோரு மாதங்களில் ஏறத்தாழ 4,950 ரூபா கூடுதலாகப் பெற்றிருப்பார். ஏலச் சீட்டில் இந்த வித்தியாசம் வெளிப்படையாகவே தெரியும்: பணம் முன்னதாக வேண்டும் என்பவர் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு எடுக்கிறார். உங்கள் மாமா சொல்லும் கழிவு வீதமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

உங்கள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் உள்ள 62 இலட்சம் என்ற கூட்டுத்தொகை, முதற் சீட்டையும் கடைசிச் சீட்டையும் ஒன்றெனக் கொண்டு கூட்டிய எண். ஐந்தாம் ஆண்டின் 22 இலட்சத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். இன்று 1 ரூபா 14 சதவீதத்தில் ஓராண்டில் 1.14 ரூபாவாகும் என்றால், அடுத்த ஆண்டு வரும் 1.14 ரூபாவின் இன்றைய பெறுமதி 1 ரூபாதான். எனவே எதிர்காலத் தொகையை ஆண்டுக்கு ஒரு முறை 1.14 ஆல் வகுத்துக்கொண்டே பின்னோக்கி வர வேண்டும். 22 இலட்சம் நான்காம் ஆண்டுக்கு வரும்போது 19.30, மூன்றாம் ஆண்டுக்கு 16.93, இரண்டாம் ஆண்டுக்கு 14.85, முதலாம் ஆண்டுக்கு 13.03, இன்றைக்கு வந்து சேரும்போது 11.43 இலட்சம். நாள் தள்ளி வருவதாலேயே ஏறத்தாழ பாதி கரைந்துவிடுகிறது.

மற்ற ஆண்டுகளையும் இப்படியே இன்றைக்குக் கொண்டுவந்தால் முதலாம் ஆண்டின் 4 இலட்சம் 3.51 ஆகவும், இரண்டாம் ஆண்டின் 10 இலட்சம் 7.69 ஆகவும், மூன்றாம் ஆண்டின் 8 இலட்சம் 5.40 ஆகவும், நான்காம் ஆண்டின் 18 இலட்சம் 10.66 ஆகவும் சுருங்கும். ஐந்தையும் கூட்டினால் 38.69 இலட்சம். நீங்கள் இன்றே கையிலிருந்து கொடுப்பது 40 இலட்சம். வித்தியாசமான 1.31 இலட்சம் பற்றாக்குறையைத்தான் கணக்கியலில் தேறிய தற்போதைய பெறுமதி எதிர்க்கணியமாக இருக்கிறது என்பார்கள். உங்கள் திட்டத்தில் 62 இலட்சத்தில் 40 இலட்சம் கடைசி இரண்டு ஆண்டுகளில் குவிந்திருப்பதுதான் இதற்குக் காரணம்; அதே 62 இலட்சம் ஆண்டுக்கு 10, 14, 8, 15, 15 என்று வந்திருந்தால், 1.6 இலட்சம் மேலாக நின்றிருக்கும்.

இதைக் கணினி அட்டவணையில் நீங்களே சரிபார்க்கலாம். இன்றைய முதலீட்டை B2 கட்டத்தில் -40 என்றும், ஐந்து ஆண்டுத் தொகைகளை C2 முதல் G2 வரையும் இடுங்கள்.

```
=NPV(14%, C2:G2) + B2
=IRR(B2:G2)
```

முதல் சூத்திரத்தில் B2 அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். NPV தனக்குள் இடப்படும் முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். முதலீட்டையும் உள்ளே சேர்த்தால், இன்று கொடுக்கும் 40 இலட்சமும் அடுத்த ஆண்டு கொடுப்பதுபோல் சுருங்கிவிடும். இரண்டாவது சூத்திரம் உள்ளக வருவாய் வீதத்தைத் தரும், அதாவது உங்கள் முதலீடு தானாக ஈட்டும் வீதத்தை. உங்கள் திட்டத்துக்கு அது ஏறத்தாழ 12.9 சதவீதம். 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 12.9 சதவீதம் ஈட்டும் தொழிலில் போடுகிறீர்கள் என்பதே மாமாவின் கூற்றுக்கு நேரான பொருள்.

இங்கே உங்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். சேமிப்பான 15 இலட்சம் 9 சதவீதம்தானே ஈட்டுகிறது, அதையும் கடனையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 12.1 சதவீதம் வருகிறதே, அதைப் போட்டால் கணக்கு இலாபமாகிவிடுமே என்று கேட்கலாம். எண்ணளவில் உண்மைதான், ஏறத்தாழ ஒரு இலட்சம் மிஞ்சும். ஆனால் வைப்பில் இருக்கும் பணமும் கூடாரத்தில் போடும் பணமும் ஒரே ஆபத்தைச் சந்திப்பதில்லை. கூடாரத்துக்குள் வாடல் நோய் புகுந்தால் ஒரு போகமே போய்விடும். கடன் கொடுக்கும் வங்கியே, தவணை தவறினால் எடுத்துக்கொள்ளப் பிணை வைத்திருந்தும் 14 சதவீதம் கேட்கிறது. எந்தப் பிணையும் இல்லாத உங்கள் பணம் 9 சதவீதத்தோடு திருப்திப்படுவது முறையல்ல. 14 சதவீதமே குறைந்தபட்சம் என்பது என் கருத்து.

கழிவு வீதத்தைப் போடுமுன் அட்டவணையில் கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தொகைகள் கடன் தவணை கழிக்கும் முன்னுள்ளவையா என்பது. உங்களுடையவை அப்படியே இருப்பதால் சரி. வட்டியைக் கழித்துவிட்டு, மறுபடி 14 சதவீதத்தாலும் கழித்தால் ஒரே வட்டியை இரு முறை கட்டிய கணக்காகிவிடும். நல்ல திட்டங்கள்கூட இதனால் நட்டமாகத் தோன்றும்.

இரண்டாவது பணவீக்கம், இதில்தான் பிழை பெரிதாகும். வங்கியின் 14 சதவீத வட்டிக்குள் எதிர்பார்க்கப்படும் விலையேற்றமும் அடங்கியிருக்கிறது. உங்கள் கணக்காளரும் விலையை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றியிருப்பதால் இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன. ஐந்தாம் ஆண்டு விற்பனையையும் இன்றைய கிலோ விலையிலேயே எழுதியிருந்தால், 14 சதவீதத்தைப் பயன்படுத்தக் கூடாது, 1.14 ஐ 1.06 ஆல் வகுத்து வரும் சுமார் 7.5 சதவீதத்தையே பயன்படுத்த வேண்டும். இதே எண்களுக்கு அந்த வீதத்தில் 7.5 இலட்சம் உபரி வரும். அளவுகோலைக் கலந்துவிட்டால் முடிவே தலைகீழாகும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

6 சதவீதம் என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டிலேயே திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அப்படியான ஆண்டு மீண்டும் வரும் என்று நான் சொல்லவில்லை. விற்பனை விலைக்கு மட்டும் 6 சதவீதம் ஏற்றி, உரம், மின்சாரம், கூலி ஆகியவற்றை இன்றைய விலையிலேயே விட்டிருக்கிறாரா என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள். விட்டிருந்தால், நான்காம் ஐந்தாம் ஆண்டுகளின் 18உம் 22உம் வீங்கிய எண்கள்.

இனி அந்த 1.31 இலட்சத்துக்கு வருவோம். கூடாரம் அமைத்துத் தருபவரிடம் 40 இலட்சத்தில் 15 இலட்சத்தை வட்டியில்லாமல் ஓராண்டு கழித்துத் தர அனுமதி கேளுங்கள். ஓராண்டு கழித்துக் கொடுக்கும் 15 இலட்சத்தின் இன்றைய பெறுமதி 13.16 இலட்சம், இதனால் 1.84 இலட்சம் மிச்சமாகி, பற்றாக்குறை 53,000 ரூபா உபரியாக மாறும். தவணைக்காக விலையைச் சற்றுக் கூட்டினாலும் பரவாயில்லை; கூடுதல் 60,000 ரூபாவைத் தாண்டாத வரை நட்டம் இல்லை.

எதிர்த்திசையில் இழுக்கக்கூடியது விடுதிக் கடன். நுவரெலியா விடுதிகளுக்கு விற்கும்போது பணம் மாதக்கணக்கில் தாமதமாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அட்டவணை விற்ற அன்றே பணம் வந்ததாகத்தான் வைத்திருக்கும். மிஞ்சும் பணம் முழுவதும் மூன்று மாதம் பிந்தினால் மட்டும் 1.25 இலட்சம் குறையும். உண்மையில் உரத்துக்கும் கூலிக்கும் பணம் உரிய நாளில் வெளியே போய்விட, வரவு மட்டுமே பிந்துவதால் இழப்பு இதைவிடக் கூடும். விற்பனையில் எவ்வளவு பங்கு கைக்காசு என்பதை அட்டவணையில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஐந்தாம் ஆண்டின் முடிவில் அந்த இரும்புக் குழாய்ச் சட்டகமும் நீர்ப்பம்பியும் என்ன பெறுமதி பெறும் என்பதை அட்டவணையில் தேடிப் பாருங்கள். பொலித்தீனைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டு 8 இலட்சத்துக்கு இறங்கியிருப்பது அந்தச் செலவாலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சட்டகம் அதைவிட நீண்ட காலம் நிற்கும். அவற்றை அப்போது 2.5 இலட்சம் ரூபாவுக்கு விற்க முடியும் என்று உறுதியாகச் சொல்ல ஒருவர் இருந்தால், அதன் இன்றைய பெறுமதி 1.3 இலட்சம், பற்றாக்குறை அதனாலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும். கணக்காளர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால், பயன்படுத்திய சட்டகங்களை வாங்கி விற்பவர் ஒருவரிடம் விலை கேட்டு அந்த எண்ணை நிரப்புங்கள். பிறகு IRR சூத்திரத்தை மறுபடி இயக்கி, அது 14 ஐத் தொடுகிறதா என்று மாமாவிடம் காட்டுங்கள்.