நட்டத்தைப் பாதிப்பாதி எழுதாதீர்கள்

*சம்மாந்துறையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நெல் வெட்டும் மெஷின்களுக்குத் தேவையான பின், புஷ் கடைந்து கொடுக்கிறேன். உதிரிப்பாகம் விற்கும் கொழும்புக் கம்பெனி ஒன்றோடு கூட்டாக இதைப் பெரிதாகச் செய்ய ஆசை. ஒரு கோடி ரூபாய் வேண்டும். என்னிடம் 30 இலட்சம் இருக்கிறது, மீதி அவர்களுடையது. இலாப நட்டம் பாதிப்பாதி என்று கேட்கலாமா?*

தம்பி, அப்படிக் கேட்க வேண்டாம். 40 இலட்சம் நட்டம் வந்தால் உங்கள் பங்கு 20. போட்ட 30இல் 10தான் மிஞ்சும். அவர்களுக்கோ 70இல் 50 மிஞ்சும். உழைப்புக்காகத்தான் பாதி கேட்கிறீர்கள் என்றால், அதை மாதச் சம்பளமாகக் கேளுங்கள். பட்டறைக்கு வாடகையும் கேளுங்கள். இவை செலவுக் கணக்கில் போன பிறகு வரும் இலாபத்தையும் நட்டத்தையும் 30க்கு 70 என்று பிரியுங்கள்.

அடுத்தது, வேலை இல்லாத மாதங்கள். பெரும்போக, சிறுபோக அறுவடைகளை ஒட்டி நான்கு மாதம்தான் உங்களுக்கு ஓட்டம். உதாரணத்துக்கு, சம்பளம், வாடகை, மின்கட்டணம் எல்லாம் மாதம் 4 இலட்சம் என்று வைப்போம். இரும்புச் செலவு போக ஓட்டமான மாதத்தில் 9 இலட்சமும், மற்ற மாதத்தில் 1 இலட்சமும் கையில் நிற்கிறது. வருட வரவு 44 இலட்சம், செலவு 48. மார்ச்சில் மாதம் 5 இலட்சம் இலாபம் போலத் தெரியும். அதைப் பிரித்து எடுத்துவிட்டால் நவம்பரில் பெடியன்களுக்குச் சம்பளம் இருக்காது.

ஆகவே பங்கு பிரிப்பது வருடத்துக்கு ஒரு தடவைதான் என்று எழுதுங்கள். ஓட்டமில்லாத எட்டு மாதமும், உங்கள் கையில் மாதம் 2 இலட்சமாவது நிற்கிற அளவு ஓடர் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது வரவு 52 ஆகும், 4 இலட்சம் மிஞ்சும். அறுவடைக்கு முன்பே சரக்கு கடையில் இருப்பது அவர்களுக்கும் நல்லது. ஒரு கோடி முழுவதையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள், இரும்பு வாங்கவும் காசு வேண்டும்.

திரும்பி வரும் சரக்கைப் பற்றியும் எழுதுங்கள். நான் பட்டறை நடத்தியபோது, கூட்டாளி அனுப்பிய இரும்பில் கடைந்த பின்கள் ஒரே போகத்தில் தேய்ந்து வந்தன. அரத்தை வைத்து இழுத்தேன், கடித்தது. நன்றாக ஹாடனிங் ஆன பின்னில் அரம் வழுக்கும். பிழை இரும்பில் என்றால் யார் பொறுப்பு, சூடேற்றியதில் என்றால் யார் பொறுப்பு என்று எங்கும் எழுதி வைக்காததால் முழுச் செலவும் என் தலையில் விழுந்தது. அளவு பிழைத்தால் உங்கள் பொறுப்பு, இரும்பு பிழைத்தால் அந்த இரும்பை வாங்கியவர் பொறுப்பு, சூடேற்றியது பிழைத்தால் சூடேற்றியவர் பொறுப்பு என்று எழுதி, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பின்னை மாதிரிக்கு எடுத்து வையுங்கள்.

வெறும் பங்காளி ஒப்பந்தமாகவும் செய்யாதீர்கள். அதில் தொழிலின் கடனுக்கு உங்கள் வீடு வளவு வரை பொறுப்பாகும். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் தனி லிமிட்டெட் கம்பெனி பதிந்தால், போட்ட முதலோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்கள் சொந்தப் பிணை கையெழுத்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கொழும்புக்குப் போகும்போது கடைசி இரண்டு வருட பில் புத்தகங்களையும் கொண்டு போங்கள். எந்த மாதம் எத்தனை பின் போனது என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.