மகள் முந்திவிட்டாள், மகன் இன்னும் தொடங்கவில்லை

கேள்வி: என் பிள்ளைகள் இரட்டையர். 12 வயது ஆகிறது. மகள் 152 செ.மீ., மகன் 144 செ.மீ. மகள் வயதுக்கு வந்து நான்கு மாதமாகிறது. இனி அவள் வளரமாட்டாள் என்கிறார்கள். மகனோ குட்டையாகவே நின்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நான் 157 செ.மீ., என் கணவர் 170 செ.மீ. உயரத்துக்கு டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளில் இரண்டு பிள்ளைகளுமே சரியாகத்தான் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பருவ வயதுக்கு முன்பு குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வளர்வார்கள். பிறகு ஒரு வேக வளர்ச்சி வருகிறது. பெண்களுக்கு அது மார்பு அரும்பும்போதே தொடங்கி, 12 வயதையொட்டி ஆண்டுக்கு 8 செ.மீ. வரை எட்டும். ஆண்களுக்கு உச்சம் 14 வயதையொட்டித்தான், ஆண்டுக்கு 9 செ.மீ. அளவில் வரும். ஆகவே 12 வயதில் அக்கா தம்பிபோல் தெரியும் இரட்டையரை நிறைய வீடுகளில் பார்க்கலாம்.

மாதவிடாய் வந்த அன்றோடு வளர்ச்சி நின்றுவிடும் என்பது தவறு. ஆனால் வேகத்தின் உச்சம் அதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்பே முடிந்திருக்கும் என்பது உண்மை. முதல் மாதவிடாய்க்குப் பிறகு பெரும்பாலான பெண்கள் இன்னும் 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்ல மெல்ல. கால் எலும்புகள் முதலில் நீண்டு முடிந்துவிடுவதால், கடைசியாகக் கூடுவது பெரும்பாலும் முதுகுப் பகுதிதான். செருப்பு அளவு மாறவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. பெற்றோர் உயரங்களைக் கூட்டி, மகனுக்கு 13 சேர்த்தும் மகளுக்கு 13 கழித்தும் இரண்டால் வகுக்க வேண்டும். 170, 157 இரண்டும் சேர்ந்து 327. மகனுக்கு 340-இல் பாதி 170 செ.மீ., மகளுக்கு 314-இல் பாதி 157 செ.மீ. இதிலிருந்து 8 செ.மீ. கூடவோ குறையவோ அமைவது இயல்பே. மகள் இப்போதே 152. இன்னும் ஐந்தாறு செ.மீ. கூடினால் அந்த இடத்துக்கு வந்துவிடுவாள். மகனுக்கு வரவேண்டியது 26 செ.மீ. கேட்க அதிகமாகத் தெரிந்தாலும், சராசரிப் பையன் 12 வயதுக்குப் பிறகு வளர்வது அந்த அளவுதான்.

ஆண்கள் கடைசியில் உயரமாவதற்கு முக்கியக் காரணம் இந்தத் தாமதமே. ஆண்டுக்கு 5 செ.மீ. வீதம் இன்னும் இரண்டு ஆண்டு வளர்ந்துவிட்டு, உயரமான நிலையிலிருந்து வேக வளர்ச்சியைத் தொடங்குகிறார்கள். வளர்ச்சியை முடித்துவைப்பது ஈஸ்ட்ரோஜன். ஆண் உடலிலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி, எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடுகிறது. "உயரத்துக்கு" என்று விற்கும் மருந்துகளைக் கண்டு நாங்கள் பயப்படுவது இதனால்தான். அவற்றில் ஆண் ஹார்மோன் கலந்திருந்தால், பையன் ஆறு மாதம் கிடுகிடுவென்று வளர்வான். வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அதற்குள் எலும்பு முதிர்ந்து, வளரவேண்டிய ஆண்டுகள் பறிபோயிருக்கும். இழந்த அந்த உயரத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது.

இப்போதைக்கு மகனுக்குச் செய்யவேண்டியது அளப்பது மட்டும்தான். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி, பார்வை நேராக இருக்க நிற்கவையுங்கள். தடித்த அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்துத் தலையில் அழுத்திவைத்து, அதன் அடிவிளிம்பில் கோடு போடுங்கள். எப்போதும் காலையிலேயே அளங்கள். மாலைக்குள் முதுகுத் தண்டு அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மூன்று மாத இடைவெளியில் ஒரு செ.மீ. தவறாக அளந்தால், ஆண்டுக் கணக்கில் அது 4 செ.மீ. பிழையாகிவிடும்.

ஆண்டு வளர்ச்சி 4 செ.மீ.க்குக் கீழே போனாலோ, 14 வயது முடிந்தும் விரைகள் பெரிதாகத் தொடங்காவிட்டாலோ குழந்தை ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார். 14 வயதுப் பையனின் எலும்பு 12 வயதுக்குரியதாக இருந்தால், பெரும்பாலும் அது தாமதமாகப் பூக்கும் உடல்வாகுதான். வளர இன்னும் இடமிருக்கிறது என்று பொருள். உங்கள் கணவர் பள்ளி நாட்களில் மற்றவர்களைவிடத் தாமதமாக உயரமானவரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.