வாசல் கதவின் பித்தளை வளையத்தை 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 வைத்து எடுக்கிறேன். பின்னணியும் மங்கவில்லை, வளையமும் முழுசா ஷார்ப்பா இல்லை. லென்ஸ் கோளாறா?

லென்ஸில் ஒன்றுமில்லை. கதவைச் சாத்தி வைத்து நேருக்கு நேர் நின்று எடுத்திருப்பீர்கள். வளையத்துக்குப் பின்னால் அஞ்சு சென்டிமீட்டரில் பலகை இருந்தால் எது மங்கும்? பின்னணி தள்ளி இருக்க வேண்டும், அதுதான் விஷயம். எஃப் 1.2 லென்ஸ் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் லென்ஸ் நல்ல லென்ஸ்தான்.

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் திண்ணை வைத்த பழைய வீடு ஒன்றில், தங்கும் விடுதிக்காக இதே மாதிரி படம் எடுத்தேன். இரட்டைக் கதவு. வளையம் இருந்த வலது கதவைச் சாத்தியே வைத்துவிட்டு இடது கதவை மட்டும் முழுசாகத் திறக்கச் சொன்னேன். அந்த இடைவெளியில் நாலு மீட்டர் தள்ளி முற்றம் தெரிந்தது. கேமராவை வளையத்தின் உயரத்துக்கு இறக்கி, கதவுக்கு இணையாகப் பிடித்து, வளையம் படத்தின் வலது ஓரமாக வரும்படி வைத்தேன்.

ஏபிஎஸ்-சி கேமராவில் அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். வளையம் தொங்கும் குமிழில் ஃபோகஸ் வைத்தால் வளையத்தின் அடி மங்கிப் போய்விடும், ஆள் லேசாக அசைந்தாலே ஃபோகஸ் நழுவும். எஃப் 4-க்குப் போனால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும், வளையம் முழுசாக அடங்கிவிடும். அப்போதும் முற்றத்தின் மங்கல், சாத்திய கதவில் 1.8 தரும் மங்கலைப் போல அஞ்சு மடங்கு இருக்கும். ஃபோகஸ் புள்ளியை மட்டும் நீங்களே வளையத்தின் மேல் வையுங்கள், கேமராவிடம் விட்டால் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொள்ளும்.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். திண்ணை நிழலில் இருக்கும் வளையத்துக்கு வெளிச்சம் அளந்தால் முற்றம் வெள்ளையாக வெந்துவிடும், அது மங்கலே இல்லை, ஓட்டை. அப்புறம், கொடியில் சிவப்புத் துண்டு காய்ந்தால் எடுத்துவிடுங்கள். எவ்வளவு மங்கினாலும் சிவப்பு சிவப்புதான், கண் அங்கேதான் போகும்.

மொபைல் போர்ட்ரெய்ட் மோட் போதாதா என்று கீழே யாராவது கேட்பார்கள். வளையத்துக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். பல நேரம் சுற்றிலும் மங்கியிருக்கும், அந்தத் துளைக்குள் மட்டும் பலகை பளிச்சென்று நிற்கும். அந்த வீட்டுக்காரர் "நாலு படத்துக்கா இவ்வளவு காசு, தம்பி?" என்று சொல்லிவிட்டு மருமகன் போனில் எடுத்த அப்படிப்பட்ட படத்தைத்தான் போட்டிருக்கிறார். இந்த ஊரில் மஞ்சள் சுவர் முன்னால் ஜோடியை நிறுத்தினால் கேட்ட காசு கொடுக்கிறார்கள், கதவுக்குக் கேட்டால் பேரம்.