"விசா எப்ப வரும்?" என்று தினமும் கேட்பவருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: வேலூரில் ஒரு டிராவல்ஸில் வேலை செய்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனி மெர்ச்சண்டைசர் ஒருவர், பையரைப் பார்க்க இத்தாலி போக வேண்டும். செப்டம்பர் 1 அன்று சென்னையில் கைரேகை கொடுத்தார். இன்று 20, இன்னும் பதில் இல்லை. 28ஆம் தேதி ஃப்ளைட். காலையும் மாலையும் போன் செய்து தவிக்கிறார். பொய் சொல்லாமல், மனம் நோகாமல் என்ன எழுதுவது?

பதில்:

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய விண்ணப்பத்தில் யாருடைய இமெயில், யாருடைய போன் நம்பர் போட்டீர்கள் என்று பாருங்கள். நம் ஊர் ஆபீஸ்களில் பாதிப் பேர் ஆபீஸ் இமெயிலைத்தான் போடுகிறோம். தூதரகம் கூடுதலாக ஏதாவது பேப்பர் கேட்டால் அது அங்கேதான் வரும், பல நேரம் ஸ்பாமில் போய் உட்காரும். எனக்கே ஒரு தடவை நடந்தது. காட்பாடி ரோட்டில் ஆபீஸ் வைத்திருந்த காலம். ஒரு பெரியவரிடம் "தூதரகத்தில் லேட் பண்றாங்க ஐயா" என்று ஒன்பது நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாவது நாள் ஸ்பாமைத் திறந்தால், பேங்க் ஸ்டேட்மென்டில் ஒரு பக்கம் இல்லை, அனுப்புங்கள் என்று எட்டு நாளுக்கு முன்பே மெயில் வந்திருந்தது. அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதனால் முதலில் ஸ்பாமைப் பாருங்கள். தெரியாத லேண்ட்லைன் நம்பரிலிருந்து மிஸ்டு கால் இருக்கிறதா என்று அவரிடமும் கேளுங்கள். அழைப்புக் கடிதம் கொடுத்த இத்தாலி பையரை யாராவது விசாரித்தார்களா என்றும் கேட்டு வைப்பது நல்லது.

அதெல்லாம் சரியாக இருந்தால், தாமதம் நம் கையில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்தது நாள் கணக்கு. இத்தாலிக்குப் போக வாங்குவது ஷெங்கன் விசா. அதன் விதிப்படி முடிவெடுக்க 15 நாள். ஞாயிறு, லீவு எல்லாம் இதில் அடக்கம். கூடுதலாகப் பரிசீலிக்க வேண்டும் என்று நினைத்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு கைரேகை வைத்த அன்றே ஆரம்பிப்பதில்லை. தூதரகம் ஃபைலை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடும். செப்டம்பர் 1ஐயே முதலாக வைத்தாலும் 15 நாள் 16ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 45 நாள் அக்டோபர் 16 வரை போகும். அதாவது 28ஆம் தேதி ஃப்ளைட் அந்த விதிக்குள்ளேயே தவறிப் போக இடம் இருக்கிறது. இதை அவருக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவும் பொய் மாதிரிதான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 45 நாளுக்குள் வருவது முடிவு. அது விசாவாகத்தான் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தாமதமாவதால் ரிஜெக்ட் ஆகும் என்றும் அர்த்தமில்லை, கிடைத்துவிடும் என்றும் அர்த்தமில்லை. "லேட்டானா நல்லதுதான் பாய், அலசிப் பாக்கிறாங்க" என்று ஆறுதலுக்காகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாதீர்கள். "ரெண்டு நாள்ல வந்துடும்", "உள்ளே நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு" இரண்டும் வேண்டவே வேண்டாம். ரெண்டு நாள் கழித்து அவர் போன் செய்வார், அப்போது நீங்கள் எடுக்கத் தயங்குவீர்கள்.

அவர் காலையும் மாலையும் கூப்பிடுவது வெறும் விசாவுக்காக இருக்காது. ஆம்பூர்க் கம்பெனிகளில் முதலாளி தினமும் கேட்பார், சாம்பிள் பெட்டி கட்டித் தயாராக இருக்கும், பையருக்குத் தேதி கொடுத்திருப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற மனிதர் அவர். அதனால் முதலில் போனில் பேசுங்கள், பிறகு அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். முதலாளிக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்கிற மாதிரி இருக்க வேண்டும்.

விசா வரும் தேதியை உங்களால் தர முடியாது. டிக்கெட்டைப் பற்றி முடிவெடுக்கும் தேதி, நீங்கள் போன் செய்யும் நேரம், இந்த இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைக் கொடுங்கள். அவருடைய டிக்கெட்டில் தேதி மாற்ற 72 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால் (டிக்கெட்டின் விதியைப் படித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு), 25ஆம் தேதி கடைசி. ஒரு நாள் முன்னால் 24ஐ வைத்துக்கொள்ளலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் பாய். நீங்க தினமும் எவ்வளவு டென்ஷன்ல இருக்கீங்கன்னு புரியுது. இன்னிக்கு காலைல உங்க ஃபைல் முழுசா மறுபடி பார்த்தேன். நம்ம பக்கம் எந்தப் பேப்பரும் பாக்கி இல்லை. தூதரகத்திலிருந்து கேள்வி எதுவும் வரலை, ஸ்பாமும் பார்த்துட்டேன். ஃபைல் தூதரகத்தில் பரிசீலனையில இருக்கு. விதிப்படி அவங்க 45 நாள் வரைக்கும் எடுத்துக்கலாம், அது அக்டோபர் நடு வரைக்கும் போகலாம். 28க்கு முன்னாடி வருமான்னு என்னால சொல்ல முடியாது பாய், தெரியாததைச் சொல்லி உங்களை நம்ப வைக்க எனக்கு மனசு வரலை. வர 24ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்குள்ள பாஸ்போர்ட் கைக்கு வரலைன்னா, டிக்கெட்டைத் தள்ளி வைக்கலாமான்னு சேர்ந்து முடிவு பண்ணலாம். எவ்வளவு செலவாகும்னு இன்னிக்கே கேட்டு அனுப்புறேன். பையருக்கு இப்பவே ஒரு வார்த்தை சொல்லி, மாற்றுத் தேதி கேட்டு வைங்க. நான் 22, 24 ரெண்டு நாளும் சாயங்காலம் 6 மணிக்கு, செய்தி இருந்தாலும் இல்லாட்டியும் கூப்பிடுறேன். நடுவுல ஏதாவது தெரிஞ்சா உடனே சொல்றேன்."

கடைசியில் போட்டிருக்கும் அந்த 6 மணி போனை மட்டும் தவற விடாதீர்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் கூப்பிட்டு, "இன்னிக்கும் ஒண்ணும் இல்லை பாய்" என்று சொல்லுங்கள். அப்படி ஒரு தடவை சரியாகக் கூப்பிட்டுவிட்டால் அவருடைய காலை போன் தானாகக் குறையும். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் நடந்திருக்கிறது.

"பாஸ்போர்ட்டையாவது திருப்பி வாங்கிடுங்க" என்று அவர் கேட்கலாம். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாம். ஆனால் கட்டிய விசா கட்டணம் திரும்ப வராது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள்.

ஒரு நாள் உங்கள் போனுக்கு, பாஸ்போர்ட் திருப்பி அனுப்பப்பட்டது என்று மெசேஜ் வரும். அந்த நிமிஷம்தான் நாம் தடுக்கி விழுகிற இடம். நான் ஒரு தடவை அதைப் பார்த்ததும் "வாழ்த்துகள், வந்துடுச்சு" என்று அனுப்பிவிட்டேன். வீட்டில் இனிப்பு வாங்கிவிட்டார்கள். கவரைப் பிரித்தால், காரணக் கட்டத்தில் டிக் போட்ட மறுப்புக் கடிதம். அந்த மெசேஜ் கவர் கிளம்பியதை மட்டும்தான் சொல்கிறது, முடிவைச் சொல்வதில்லை. அதனால் அவருக்கு, "பாஸ்போர்ட் கிளம்பிடுச்சு பாய். முடிவு என்னன்னு கவரைப் பிரிச்சாதான் தெரியும். வந்ததும் கூப்பிடுறேன், நீங்களே வந்து பிரிங்க" என்று மட்டும் எழுதுங்கள்.