உண்மை முடிவுக்கு நிபந்தனை வைப்பது எப்படி?

"செட்டிநாட்டு வீட்டுக்குள் நடக்கிற மாதிரி ஒரு கேம் செய்கிறேன். ஆச்சி ரகசியக் கதாபாத்திரம், அவரைக் கண்டுபிடித்தால்தான் உண்மை முடிவு. நிபந்தனையை எப்படி வைப்பார்கள்?"

பெரும்பாலும் ஒரே பெரிய நிபந்தனை இருக்காது. வழியில் இரண்டு மூன்று ஃபிளாக், அதாவது 'இது நடந்துவிட்டது' என்று கேம் வைத்துக்கொள்ளும் குறிகள், சேரும், கடைசிச் சண்டையில் அவற்றைச் சரிபார்ப்பார்கள்.

1997-ல் வந்த 'கேஸில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் த நைட்' கேம் நல்ல பாடம். அதில் இரண்டு மோதிரங்கள், ஒவ்வொன்றின் குறிப்பிலும் பாதி வாக்கியம். சேர்த்துப் படித்து, இரண்டையும் அணிந்து கடிகார அறைக்குப் போனால் தரை திறக்கும், கீழே ஒரு மூக்குக்கண்ணாடி கிடைக்கும். அதைப் போட்டால்தான் ரிக்டர் என்ற வேட்டைக்காரனை ஆட்டிவைக்கும் உருண்டை தெரியும். உருண்டையை விட்டு ரிக்டரைக் கொன்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், ஆட்டத்தின் மறுபாதியான தலைகீழ்க் கோட்டையைப் பார்க்கவே முடியாது.

உங்களுக்கு மோதிரத்துக்குப் பதில் பெயர் வெட்டிய பித்தளைச் செம்புகள் இருக்கின்றனவே! முகப்பில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று, வெட்டெழுத்தில் ஆளுக்குப் பாதிக் குறிப்பு. இரண்டையும் வளவில் வைத்தால் ஆச்சி வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டக்காரர் செம்பைப் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டால் முடிவு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அவருக்கு அது தெரியவும் தெரியாது. கடைக்காரர் அதைத் திருப்பி விற்கும்படி வையுங்கள். அப்புறம், கடைசிச் சண்டைக்கு முன் தனி சேவ் ஒன்று தானாக விழட்டும்.