மாத்திரையைப் பிரித்துச் சுவைத்துப் பார்த்தவர்கள்

கேள்வி: மருந்து ஆய்வில் பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுகிறார்களாமே? எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துக் குணமாகிறதா என்று பார்த்தால் போதாதா? எது மருந்து, எது பொய் மாத்திரை என்று டாக்டருக்கே தெரியக்கூடாது என்கிறார்களே, அது எதற்கு?

பதில்:

ஓர் இரும்புச்சத்து மாத்திரை ஆய்வில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்திருக்கிறேன். ரத்தசோகை வரும் அளவுக்குப் போகாத, ஆனால் உடலில் இரும்புச் சேமிப்பு குறைந்து எப்போதும் அசதியாக இருக்கும் பெண்களுக்கான ஆய்வு அது. பாதிப் பேருக்கு இரும்பு மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மருந்துப்போலி, அதாவது பிளாசிபோ. டப்பாக்களின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

மூன்றாவது வாரம் ஓர் அக்கா வந்து உட்கார்ந்ததுமே, "எனக்கு நிஜ மாத்திரைதாம்மா வந்திருக்கு, வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது" என்றார். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி, "போன வாரம் அசதி எப்படி இருந்தது, பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்பது. "அதெல்லாம் போயே போச்சு, ரெண்டு போட்டுக்கோ" என்றார். முதல் நாள் அவர் சொன்ன எண் எட்டு.

அந்த இரண்டைப் படிவத்தில் எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. இரும்பு வேலை செய்து குறைந்த அசதியா, இரும்பு கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் குறைந்த அசதியா, இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்களே என்று எனக்காகக் குறைத்துச் சொன்னதா? உங்கள் கேள்விக்கான பதில் இந்த மூன்றையும் பிரிப்பதில்தான் இருக்கிறது.

முதலில், எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் ஏன் போதாது என்பது. மனிதர்கள் உடம்பு மிகவும் மோசமாக இருக்கும் நாளில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், ஆய்விலும் அப்போதுதான் சேருவார்கள். அங்கிருந்து பலருக்கு உடம்பு தானாகவே கொஞ்சம் தேறும். மருந்து கொடுத்திருந்தால் பெயர் மருந்துக்குப் போய்விடும். இதைக் கழிக்க, மருந்து வாங்காத இன்னொரு குழு பக்கத்திலேயே இருந்தால் போதும். அதற்கு மருந்துப்போலி கூடத் தேவையில்லை. பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். மருந்துப்போலிக் குழுவில் முப்பது பேர் தேறினால் "பார், சர்க்கரை மாத்திரையே முப்பது பேரைக் குணமாக்கியது" என்பார்கள். அந்த முப்பது பேரில் தானாகத் தேறியவர்களும் இருக்கிறார்கள்.

மருந்துப்போலியின் வேலை வேறு. மாத்திரை கிடைத்தது என்ற நம்பிக்கை, அதனால் வரும் தெம்பு, அதனால் மாறும் பதில், இவை இரண்டு குழுவிலும் ஒரே அளவில் இருக்கும்படி செய்வது. தனக்கு எது வந்தது என்று தெரியாதவரை மட்டுமே அது நடக்கும். தெரிந்துவிட்டால் அது வெறும் மாவு மாத்திரைதான்.

இது எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம், 1975இல் வெளிவந்த வைட்டமின் சி ஆய்வு. லைனஸ் பாலிங் போன்ற பெரிய விஞ்ஞானி, வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டால் ஜலதோஷம் அண்டாது என்று சொல்லிவந்த காலம் அது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் ஊழியர்களிடமே சோதித்துப் பார்த்தது. 311 பேர் முன்வந்தார்கள். ஒரு கிராம் வீதம் தினமும் மூன்று வேளை, ஒன்பது மாதம். சிலருக்குக் கேப்சூலில் வைட்டமின் சி, சிலருக்கு லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. சளி பிடித்தால் கூடுதலாகத் தினம் மூன்று கிராம், அதிலும் சிலருக்கு மருந்து, சிலருக்குப் போலி.

வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் லேசாக இனிக்கும். படித்த ஊழியர்கள், ஒன்பது மாதம், கையில் பிரிக்க வரும் கேப்சூல். பலர் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். முடிவில் தங்களுக்கு எது வந்தது என்று யூகித்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். கடைசிவரை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் 190 பேர்தான். போலிக் குழுவில் 44 சதவீதம் பேர் விலகியிருந்தார்கள், வைட்டமின் குழுவில் 34 சதவீதம். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். "நமக்கு வந்தது வெறும் சர்க்கரை, இதை எதற்குத் தினமும் விழுங்க வேண்டும்" என்று தெரிந்தவர் கழன்றுகொண்டிருக்கலாம். மறைப்பு உடைந்தால் பதில்கள் மட்டும் சாய்வதில்லை, கடைசியில் மிஞ்சும் ஆட்களே வேறாகிவிடுவார்கள்.

மொத்தக் கணக்கில் தினசரி மாத்திரை, சளி வந்தபோது கூடுதல் மாத்திரை இரண்டிலுமே வைட்டமின் வாங்கியவர்களுக்குச் சளி ஏறக்குறைய ஒரு நாள் சீக்கிரம் விட்டிருந்தது. ஆனால் எது வந்தது என்று தெரியாமலே இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. தெரிந்துகொண்டவர்களிடம்தான் அது இருந்தது. மூக்கு ஒழுகுவது நின்றதா, உடம்பு அசதி போனதா என்பதெல்லாம் அவரவரே சொல்லும் கணக்கு. அதனால் நம்பிக்கை நேராக எண்ணாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ள எனக்கே வெகுநாள் ஆனது. "எனக்கு வைட்டமின்தான் வந்தது" என்று ஒருவர் சரியாக யூகித்ததற்குக் காரணம் புளிப்பாகவும் இருக்கலாம், உண்மையிலேயே சளி சீக்கிரம் விட்டதாகவும் இருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால், மறைப்பு உடைந்ததால் பலன் வந்தது என்று சொல்ல முடியாது, பலன் தெரிந்ததால்தான் மறைப்பு உடைந்தது. கடைசி நாளில் கேட்டால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த ஆய்வின் விளக்கத்தை ஹாரி ஹெமிலா என்ற ஆய்வாளர் பின்னாளில் இப்படியெல்லாம் கேள்வி கேட்டு மறுத்தும் எழுதியிருக்கிறார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் வருட மதிப்பாய்வின்படி, தினமும் தவறாமல் சாப்பிடும் பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைகிறது. சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. ஆக, அந்த 1975 ஆய்வு வைட்டமின் சி பொய் என்று நிரூபித்துவிடவில்லை. தன் பதில் எதுவென்று தானே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டது. புளிக்கும் மருந்துக்குப் புளிக்கும் போலியைத் தயாரித்திருந்தால் இத்தனை வழக்கு இல்லை.

சரி, நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பது புரிகிறது, டாக்டருக்கு ஏன்? அதற்குக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு மூன்று குழுக்கள். ஒன்றுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் ஊசி மருந்து, இன்னொன்றுக்கு வாராவாரம் ரத்தப் பிளாஸ்மாவை மாற்றுவதோடு மாத்திரைகள், மூன்றாவதுக்குப் பிளாஸ்மா மாற்றுவது போன்ற பாவனையும் போலி மாத்திரைகளும். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். ஒருவருக்கு அவர் எந்தக் குழு என்று தெரியும், மற்றவருக்குத் தெரியாது. கால் எவ்வளவு பலமாக இருக்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறார், கண் எப்படி அசைகிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

தெரிந்த மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்ணில் பிளாஸ்மா குழு 6, 12, 24 மாதங்களில் நன்றாகத் தேறியிருந்தது. தெரியாத மருத்துவர்களின் மதிப்பெண்ணில் எந்தப் பலனும் இல்லை. அதே நோயாளிகள், அதே அளவுகோல். 1994இல் இதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அந்த மருத்துவர்கள் யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள். வாராவாரம் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சிகிச்சை எடுக்கும் ஒருவர் முன்னால் நடந்து காட்டும்போது, மூன்றா நான்கா என்ற இழுபறியில் கை எந்தப் பக்கம் போகும்? இந்த அளவிடும் சாய்வை நோயாளியின் கண்ணைக் கட்டி நீக்க முடியாது, மதிப்பெண் போடுபவரின் கண்ணைத்தான் கட்ட வேண்டும். சிகிச்சை தருபவருக்கும் தெரியாமல் இருந்தால் இன்னொன்றும் நீங்கும். போலி வாங்குபவர் மீது பரிதாபப்பட்டு வேறு மருந்தைச் சேர்ப்பது, மருந்து வாங்குபவரை அடிக்கடி போனில் விசாரிப்பது, இந்தக் கவனிப்பு வித்தியாசம்.

இப்படி இரண்டு பேருக்கு மறைத்துச் செய்யும் ஆய்வைக் குறிக்கும் டபுள் பிளைண்ட் என்ற சொல் கொஞ்சம் மோசம். எந்த இரண்டு பேர் என்று அது சொல்வதில்லை. நோயாளியும் டாக்டருமா, நோயாளியும் அளப்பவருமா? ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது அந்தச் சொல்லைத் தாண்டி, யார் யாருக்கு மறைத்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இத்தனை மறைத்தாலும் நீங்காத சாய்வு ஒன்று உண்டு. ஆளைச் சேர்க்கும் முன்பே அடுத்த இடம் மருந்தா போலியா என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டால், தேறக்கூடியவரை மருந்துப் பக்கம் அனுப்பிவிடுவார். அதைத் தடுப்பது குலுக்கலும் அதன் முடிவை ஒளித்துவைப்பதும். 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வு இதற்கு முன்மாதிரி. மூடிய உறைக்குள் சீட்டு, நோயாளி சேர்க்கப்பட்ட பிறகே பிரிப்பார்கள். அதில் மருந்துப்போலி கிடையாது. தினம் நான்கு ஊசி, நான்கு மாதம், அதைப் பொய்யாக ஒருவருக்குப் போட மனம் வருமா? எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு மட்டும் எது யாருடையது என்று சொல்லவில்லை. ஆறு மாதத்தில் மருந்துக் குழுவின் 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். உயிர் இருக்கிறதா என்ற கணக்கில் யாருடைய நம்பிக்கையும் நுழைய முடியாது. அசதி, வலி, தூக்கம் போன்றவற்றை அளக்கும்போதுதான் மறைப்பு உயிர்நாடி.

ஏமாற்றுகிறார்களா என்று கேட்டீர்கள். எங்கள் இரும்பு மாத்திரை ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவரிடமும், "உங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போலி வரலாம், அது எங்களுக்கும் தெரியாது" என்று நானே படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவசரம் என்றால் அந்த ஒரு நபரின் எண்ணை மட்டும் திறந்து பார்க்கவும் வழி இருந்தது.

அந்த அக்கா வந்துபோன பிறகு எங்கள் நடைமுறையை மாற்றினோம். மலத்தின் நிறம், வயிற்றுக் கோளாறு, மீதி மாத்திரை எண்ணிக்கை, இதெல்லாம் என் மேஜையில். அசதி மதிப்பெண்ணை வேறு அறையில் வேறொருவர் கேட்பார், "மாத்திரையைப் பற்றி அவரிடம் பேசாதீங்கக்கா" என்று சொல்லி அனுப்புவேன். ஹீமோகுளோபின் ரிப்போர்ட், ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் தவிர, ஆய்வு முடியும்வரை எங்கள் இருவர் கைக்குமே வராது. எந்த மாத்திரை வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்வியைக் கடைசி நாளிலிருந்து எடுத்து முதல் வாரத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் அசதி குறைந்திருக்காது, மலம் மட்டும் கறுத்திருக்கும்.