டீ-ஷர்ட் டிஸ்கிரிப்ஷன் எழுதுற இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கும்மா உனக்கு, எங்க ஆரம்பிக்கணும்னா...

பி.ஏ. இங்கிலீஷ் மூணாவது வருஷம், திருப்பூர்ல ஒரு ஆன்லைன் டீ-ஷர்ட் கடையில இன்டர்ன், முதல் வாரமே ஒரு பெரிய எக்ஸல் ஷீட்டக் கொடுத்து எல்லாத்துக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதுன்னுட்டாங்க, எனக்கு ஃபேஷன் பத்தி ஒண்ணுமே தெரியாது சார், வேற கடைய பாத்து எழுதலாமான்னு கேட்டிருந்தம்மா. வேண்டாம். ஃபேஷன் தெரியலன்னாலும் பரவால்ல, அந்த துணியைப் பத்தித் தெரிஞ்சா போதும், அது நீ உக்காந்திருக்க ஊர்லயே இருக்கு.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி மெர்ச்சண்டைசர்கிட்ட போய் அந்த ஸ்டைலோட டெக் பேக் கேளு, துணி, அளவு, தையல் விவரமெல்லாம் இருக்க ஷீட் அது, ஒவ்வொரு கலர்லயும் ஒரு சாம்பிள் பீஸும் கேளு. ஏன் ஒவ்வொரு கலர்லயும்னு சொல்றேன், நிறைய இன்டர்ன்ஸ் சறுக்குற இடமே இதுதான். கருப்பு, நேவி, வெள்ளை எல்லாம் 100% காட்டனா இருக்கும், அதே ஸ்டைல்ல கிரே மெலாஞ்ச் மட்டும் காட்டனோட விஸ்கோஸோ பாலியஸ்டரோ கலந்த நூலா இருக்கும், பெரும்பாலும் அந்த புள்ளி புள்ளியான சாம்பல் நிறமே அந்தக் கலவையில இருந்துதான் வருது. ஷீட்டுல முதல் கலருக்கு எழுதினத கீழ வரைக்கும் இழுத்து விட்டா கிரேக்கும் "100% காட்டன்"னு விழுந்துடும். வாங்கினவரு காலர் உள்ள லேபிள பாத்தா 85% காட்டன் 15% விஸ்கோஸ்னு இருக்கும், உடனே ஒரு ஸ்டார்தான். அதனால லேபிள்ல என்ன இருக்கோ அதத்தான் எழுதணும், லேபிளும் டெக் பேக்கும் ஒத்துப் போகலன்னா எழுதாம நிறுத்திட்டு கேளு.

அடுத்து அளவு. எம் சைஸ்னு மட்டும் போட்டா யாருக்கும் ஒண்ணும் புரியாது, "எம் - 38"னு போட்டா இன்னும் மோசம், அது உடம்போட அளவா டீ-ஷர்ட்டோட அளவான்னு தெரியாது. பீஸை டேபிள் மேல இழுக்காம விரிச்சு வச்சு, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழ இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் டேப் வை. 20 இன்ச் வந்தா சுத்தளவு 40. "டீ-ஷர்ட்டின் நெஞ்சுச் சுற்றளவு 40 இன்ச், 36-38 இன்ச் நெஞ்சளவு உள்ளவர்களுக்கு"ன்னு ரெண்டையும் சேர்த்து எழுது. அப்புறம் ஒரு பீஸை வீட்டுக்குக் கொண்டுபோய் துவைச்சு காயவச்சு திரும்ப அள, 28 இன்ச் உயரம் 5% சுருங்கினாலே கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் போயிடும், உயரமானவங்களுக்கு அது பெரிய வித்தியாசம். சுருங்குதுன்னா சுருங்குதுன்னே எழுதலாம், சேல்ஸ் குறையும்னு மேனேஜர் சொன்னா ரிட்டர்ன் வர்ற கூரியர் செலவ எடுத்துக் காட்டு.

துணியோட கனத்துக்கு ஜிஎஸ்எம்னு ஒரு நம்பர் வரும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறதுதான் அது. கம்பெனியில ஜிஎஸ்எம் கட்டர் இருந்தா 100 சதுர செ.மீ.க்கு ஒரு வட்டம் வெட்டித் தரும், அது 1.8 கிராம் இருந்தா 180 ஜிஎஸ்எம். ஆனா வாங்குறவங்க எல்லாருக்கும் அந்த நம்பர் புரியாதும்மா, அத அனுபவமா மாத்துறதுதான் உன்னோட இங்கிலீஷ் படிப்புக்கு வேலை. அதுக்கு நீயே போட்டுப் பாக்கணும், வெள்ளைய வெயில்ல நின்னு பாக்கணும், உள்ள பனியன் தெரியுதா?

இப்ப ஷீட்டுல இருக்க பழைய வரி "உயர்தர துணியில் ஸ்டைலிஷான டீ-ஷர்ட், எல்லா நிகழ்வுக்கும் ஏற்றது"ன்னு வச்சுக்குவோம், இத எந்த டீ-ஷர்ட்டுக்கு வேணா ஒட்டலாம். நீ இப்படி எழுது:

"180 ஜிஎஸ்எம் காட்டன், பயோவாஷ் செய்தது, தொட்டால் வழவழப்பாக இருக்கும். வெள்ளை நிறத்திலும் உள்ளே போட்டது வெளியே தெரியாது. முதல் துவைப்பில் உயரம் ஒரு இன்ச் வரை குறையலாம். கிரே மெலாஞ்ச் மட்டும் 85% காட்டன், 15% விஸ்கோஸ்."

இதுல ஒவ்வொரு வார்த்தையும் நீ தொட்டு அளந்து பாத்தது. பயோவாஷ்னா என்சைம் போட்டு துணி மேல இருக்க பிசிறை எடுக்குறது, அது பண்ணாத துணிக்கு அந்த வார்த்தைய போடக்கூடாது, சர்டிஃபிகேட் கண்ணுல காட்டாம ஆர்கானிக்னு போடச் சொன்னா போடாத. 2020 நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்படி விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லன்னா விற்கிறவர் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு சொல்ல முடியாது, எந்த நாட்டுல தயாரானதுங்கிறதும் சைட்ல அந்தப் பொருளோட விவரத்துல இருக்கணும்.

கடைசியா ஒண்ணு, மேனேஜர்கிட்ட கேட்டு ரிட்டர்ன் காரணம் வர்ற ரிப்போர்ட்ட வாங்கிக்கோ. நீ மாத்தி எழுதின ஸ்டைலுக்கு "சைஸ் சின்னது", "சொன்ன மாதிரி இல்ல"ன்னு வர்றது முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு ஒரு ஷீட்டுல எழுதி வை, ஆனா அதே சமயத்துல விலையோ போட்டோவோ மாறியிருந்தா அதையும் பக்கத்துல குறிச்சிடு. வேலைக்கு இன்டர்வியூ போறப்ப பழைய வரி, புது வரி, அந்த ரிட்டர்ன் ஷீட், மூணையும் கம்பெனி அனுமதியோட எடுத்துட்டுப் போ.